பத்து கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது?

வாடகை வண்டி ஓட்டும் ஒருவர் தன் பயணக் கணக்கை எக்செல் ஷீட்டில் எழுதி வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போகும்போது 120 கிலோமீட்டரை 2 மணி நேரத்தில் கடந்தார். வேகம் மணிக்கு 60. அதே வழியில் திரும்பும்போது நெரிசல், 3 மணி நேரம் பிடித்தது, வேகம் 40. இரண்டு வேகங்களின் கீழே `=AVERAGE(D2:D3)` என்று போட்டால் 50 வருகிறது. ஆனால் மொத்தம் 240 கிலோமீட்டர், 5 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் 48தான்.

ஷீட் கூட்டி இரண்டால் வகுத்ததில் பிழை இல்லை. இரண்டு பயணங்களையும் சமமாக எடுத்துக்கொண்டதுதான் பிழை. வண்டி 60இல் ஓடியது 2 மணி நேரம், 40இல் ஓடியதோ 3 மணி நேரம். மெதுவான வேகத்தில் அதிக நேரம் கழிந்ததால் சராசரியும் அந்தப் பக்கம் சாய்கிறது. இரண்டு வேகத்திலும் ஒரே அளவு நேரம் ஓடியிருந்தால் மட்டுமே 50 சரியாக இருக்கும்.

ஆகவே வேகங்களை விட்டுவிட்டுத் தூரத்தையும் நேரத்தையும் தனித்தனியே கூட்டி, பிறகு வகுக்க வேண்டும். தூரம் B நெடுவரிசையிலும் நேரம் C நெடுவரிசையிலும் இருந்தால்:

```
=SUM(B2:B3)/(SUM(C2:C3)*24)
```

அந்த 24 எதற்கு? செல்லில் 2:00 என்று நேரமாக எழுதினால், எக்செல் அதை ஒரு நாளின் பன்னிரண்டில் ஒரு பங்காகவே வைத்துக்கொள்ளும். 24ஆல் பெருக்கினால்தான் அது 2 மணி ஆகும். பெருக்க மறந்தால் விடை 1152 என்று வரும். அது ஒரு நாள் முழுக்க ஓடினால் கடக்கும் தூரம். நேரத்தை வெறும் 2, 3 என்ற எண்ணாக எழுதியிருந்தால் 24 தேவையில்லை.

`HARMEAN` என்றொரு குறுக்குவழியும் உண்டு. `=HARMEAN(60,40)` என்றால் 48 கிடைக்கும். ஆனால் இரண்டு பயணத் தூரமும் சமமாக இருந்தால்தான் அதை நம்பலாம். 120 கிலோமீட்டரை 60இலும், வேறொரு 30 கிலோமீட்டரை 20இலும் ஓட்டினால் `HARMEAN` 30 என்கிறது. `AVERAGE` 40 என்கிறது. உண்மையில் 150 கிலோமீட்டருக்கு மூன்றரை மணி நேரம் ஆகியிருக்கிறது. சராசரி ஏறத்தாழ 43.

வந்த விடை சரியா என்று பார்க்க எளிய வழி, அதை மொத்த நேரத்தால் பெருக்குவது. ஓடிய தூரம் அப்படியே திரும்பக் கிடைக்க வேண்டும். முதல் கணக்கில் 48ஐ 5ஆல் பெருக்கினால் 240. 50ஐப் பெருக்கினால் 250. வண்டி ஓடாத பத்து கிலோமீட்டர் கணக்கில் ஏறிவிடுகிறது.