எத்தனை முறை தோற்றபின் நிறுத்துவது?

ஆன்லைன் கடையில் பணம் கட்டியதும் 'ஆர்டர் ஏற்கப்பட்டது' என்று திரையில் வந்துவிடுகிறது. பில் மட்டும் சற்றுப் பொறுத்து மின்னஞ்சலில் வருகிறது. பில் அனுப்பும் வேலையைக் கடையின் சர்வர் அந்தக் கணமே செய்யாமல் 'க்யூ' என்ற வரிசையில் போட்டுவிடுவதுதான் காரணம். பின்னணியில் ஓடும் 'வொர்க்கர்' என்ற நிரல் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து முடிக்கும்.

இப்படியான வரிசைகளில் பரவலாகப் புழங்குவது அமேசானின் எஸ்.க்யூ.எஸ். இதில் வொர்க்கர் ஒரு வேலையை எடுத்தாலும் அது வரிசையிலிருந்து அழிவதில்லை, 30 விநாடி மறைந்துதான் இருக்கும். வேலை முடிந்ததும் வொர்க்கரே அதை அழிக்க வேண்டும். நடுவில் வொர்க்கர் செயலிழந்துபோனால் நேரம் கடந்ததும் வேலை மறுபடி தலைகாட்டும், இன்னொரு வொர்க்கர் எடுத்துக்கொள்ளும். எதுவும் தொலையாது.

சிக்கலும் இங்கேதான். ஒரு வாடிக்கையாளரின் மின்னஞ்சல் முகவரி @ குறியோடு அறுந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த பில் எத்தனை முறை முயன்றாலும் போகாது. ஆனாலும் 30 விநாடிக்கு ஒருமுறை, ஒரு நாளில் 2,880 முறை அது வொர்க்கரின் கைக்கு வரும். வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் 4 நாள் கழித்து, யாருக்கும் தெரியாமல் எஸ்.க்யூ.எஸ் அதை அழித்துவிடும். பில் வராத வாடிக்கையாளர் கேட்டால் தேடிப் பார்க்க ஒரு தடயமும் இருக்காது.

அஞ்சல் துறையில் சேர்க்கவும் திருப்பவும் முடியாத கடிதங்களுக்கென்று தனி அலுவலகம் உண்டு. 'டெட் லெட்டர் க்யூ' அந்த மாதிரி ஒரு தனி வரிசை. குறிப்பிட்ட தடவைக்கு மேல் தோற்ற வேலை அங்கே ஒதுங்கி, ஒரு மனிதர் வந்து பார்க்கும்வரை காத்திருக்கும். அமைப்பது எளிது:

```
{
  "deadLetterTargetArn": "arn:aws:sqs:ap-south-1:123456789012:bill-dlq",
  "maxReceiveCount": "5"
}
```

அந்த 5 என்ற எண்ணைத்தான் பலர் யோசிக்காமல் போடுகிறார்கள். காலை 10 மணிக்கு மின்னஞ்சல் சேவை 20 நிமிடம் படுத்துவிட்டது என்று வையுங்கள். 30 விநாடிக்கு ஒன்றாக 5 முயற்சியும் இரண்டரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். ஒரு குறையும் இல்லாத பில்கள் கூட்டம் கூட்டமாக டெட் லெட்டர் க்யூவில் போய் விழும். உடைந்த முகவரிகளும் அந்தக் கூட்டத்தில் கலந்து கிடக்கும். எது எதுவென்று பிரிப்பதற்குள் பொழுது போய்விடும்.

எனவே எத்தனை முறை என்பதைவிட எவ்வளவு நேரம் என்று கேட்பதே சரி. தோல்விக்குத் தோல்வி இடைவெளியை இரட்டிப்பாக்கலாம்: 30 விநாடி, 1 நிமிடம், 2, 4, 8, 16 நிமிடம். ஏழாவது முயற்சி வரும்போது முப்பத்தொன்றரை நிமிடம் ஆகியிருக்கும், சேவையும் எழுந்திருக்கும். எஸ்.க்யூ.எஸ் தானாக இப்படிச் செய்யாது. ஒவ்வொரு தோல்விக்கும் வொர்க்கர்தான் `ChangeMessageVisibility` என்ற கட்டளையால் மறைவு நேரத்தை நீட்ட வேண்டும். இடைவெளியில் சில விநாடிகளை முன்பின்னாகக் கலப்பதும் அவசியம். இல்லையென்றால் காத்திருந்த பில்கள் எல்லாம் ஒரே நொடியில் திரண்டு வந்து, அப்போதுதான் எழுந்த சேவையை மறுபடி சாய்த்துவிடும்.

உடைந்த முகவரிக்கு இந்தப் பொறுமை எதுவும் வேண்டாம். மின்னஞ்சல் சேவை 503 என்று பதில் தந்தால் 'இப்போது முடியவில்லை' என்று பொருள், காத்திருக்கலாம். 400 என்று வந்தால் நாம் அனுப்பியதிலேயே பிழை. முதல் தோல்வியிலேயே வொர்க்கர் அதை டெட் லெட்டர் க்யூவில் போட்டு, மூல வரிசையிலிருந்து அழித்துவிட வேண்டும். ஓ.டி.பி.யில் கணக்கு வேறு. அதன் ஆயுள் முடிந்தபின் அனுப்பினால் வாடிக்கையாளர் குழம்புவார், ஆகவே ஆயுள் முடியும் நேரமே நிறுத்தும் நேரம்.

கவனிக்க வேண்டிய பொறி ஒன்று உண்டு. `maxReceiveCount` எண்ணுவது தோல்விகளை அல்ல, வேலை எத்தனை முறை எடுக்கப்பட்டது என்பதை. பில் தயாரிக்க 45 விநாடி ஆகி, மறைவு நேரம் 30 விநாடியாகவே இருந்தால், முதல் வொர்க்கர் முடிப்பதற்குள் இரண்டாவது வொர்க்கர் அதே பில்லை எடுத்துவிடும். எண்ணிக்கை வீணாக ஏறும், வாடிக்கையாளருக்கு ஒரே பில் இரண்டு முறை போகும். பிழைச் செய்தி எதுவுமே இல்லாமல் வேலைகள் ஒதுங்குகின்றன என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

டெட் லெட்டர் க்யூவுக்கும் ஆயுள் உண்டு. சாதாரண வரிசைகளில், வேலை முதன்முதலில் வரிசையில் சேர்ந்த நேரத்திலிருந்தே அது எண்ணப்படுகிறது. மூல வரிசையில் ஒரு நாள் கழித்த வேலை, 4 நாள் ஆயுளுள்ள டெட் லெட்டர் க்யூவில் 3 நாள்தான் தங்கும். நீண்ட விடுமுறை ஒன்று வந்தால் யாரும் பார்ப்பதற்குள் அழிந்துபோகும். உச்ச அளவான 14 நாள் வைப்பதும், ஒரே ஒரு வேலை விழுந்தாலும் எச்சரிக்கை வரும்படி செய்வதும் நல்லது.

குறையைச் சரிசெய்தபின் ஒதுங்கிய வேலைகளை மூல வரிசைக்குத் திருப்பும் வசதி எஸ்.க்யூ.எஸ் திரையிலேயே இருக்கிறது. பொத்தானை அழுத்துமுன் சிலவற்றைத் திறந்து படியுங்கள். இடையில் ரத்தான ஆர்டர்களின் பில்களும் அதில் இருக்கலாம். முகவரி திருத்தப்படாத பில் திரும்பிப் போனாலும் மறுபடி அங்கேயே வந்து விழும்.