பத்தொன்பதாயிரத்து முந்நூறு ரூபாய்க்கு ஒரே ஒரு வரி

டெங்குக் காய்ச்சலுக்காக ஒருவர் தனியார் மருத்துவமனையில் திங்கள் இரவு 7 மணிக்குச் சேர்ந்து, வியாழன் காலை 10 மணிக்கு வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சேரும்போது "முப்பத்தைந்தாயிரம் ஆகலாம்" என்றார்கள். கையில் வந்த பில் ரூ.61,400. அறை வாடகை 4 நாள், ரூ.16,000. டாக்டர் விசிட் 8, ரூ.8,000. நர்சிங் ரூ.4,000. ரத்தப் பரிசோதனை ரூ.12,600. மருந்து, உபயோகப் பொருட்கள் ரூ.19,300. 'இதர' ரூ.1,500.

இப்படி ஒரு பில்லைப் பார்த்ததும் நம்மில் பலரும் எழுதும் கடிதம் "அநியாயக் கட்டணம், குறைத்துத் தாருங்கள்" என்பதாக இருக்கும். அதற்கு "எங்கள் கட்டண விகிதப்படிதான்" என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். டாக்டர் கட்டணத்துக்கோ அறை வாடகைக்கோ பொதுவான உச்சவரம்பு கிடையாது என்பதால், அந்தப் பதிலை மறுப்பதும் கடினம். ஏன் இவ்வளவு என்று கேட்பதைவிட எது எவ்வளவு என்று கேட்பதே பலன் தரும்.

பெரும்பாலும் விஷயம் இருப்பது மருந்து வரியில்தான். வார்டுக்காக ஃபார்மசி மருந்தைக் கொடுக்கும்போதெல்லாம் ஒரு ரசீது பதிவாகிறது. அதில் மருந்தின் பெயர், பேட்ச் எண், எம்.ஆர்.பி., எண்ணிக்கை எல்லாம் இருக்கும். நோயாளிக்கு உண்மையில் ஏற்றிய மருந்து வேறொரு தாளில் பதிவாகிறது. அது நர்ஸ் நேரம் குறித்துக் கையெழுத்திடும் மருந்து அட்டவணை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். ஃபார்மசி 12 பேன்டோபிரசோல் ஊசி கொடுத்திருக்க, அட்டவணையில் 6 மட்டுமே போடப்பட்டிருந்தால், மீதி 6 எங்கே? ஃபார்மசிக்குத் திரும்பியிருந்தால் பில்லில் 'ரிட்டர்ன்' என்று கழித்திருக்க வேண்டும். திரும்பாவிட்டால் அவை நோயாளியிடம் வந்திருக்க வேண்டும். இதில் எப்போதும் ஏமாற்றுதான் என்று சொல்ல மாட்டேன். டிஸ்சார்ஜ் அவசரத்தில் ரிட்டர்ன் பதிவு விட்டுப்போவதும் உண்டு. ஆனால் கேட்காதவருக்கு அந்தப் பணம் திரும்பாது.

அறை வாடகையும் அப்படித்தான். மேலே சொன்னவர் தங்கியது 63 மணி நேரம், மூன்று இரவுகள். தேதிப்படி எண்ணினால் நான்கு நாள். எந்தக் கணக்கு என்பதை மருத்துவமனை சொல்ல வேண்டும். எட்டு விசிட்டுக்கு கேஸ் ஷீட்டில் எட்டுக் குறிப்புகள் இருக்க வேண்டும்.

கடிதம் இவ்வளவு எளிமையாக இருந்தால் போதும்:

"ஐயா, நான் மேற்கண்ட உள்நோயாளி எண்ணில் சிகிச்சை பெற்றேன். சொல்லப்பட்ட மதிப்பீடு ரூ.35,000, பில் ரூ.61,400. தொகையை ஆட்சேபத்துடன் செலுத்தியுள்ளேன். கீழ்க்கண்டவற்றை எழுத்துமூலம் தரவும்: தேதிவாரியான முழு விவர பில், பேட்ச் எண், எம்.ஆர்.பி. உள்ள ஃபார்மசி ரசீதுகளும் ரிட்டர்ன் விவரமும், அறை வாடகையில் நாள் கணக்கிடும் முறை, 'இதர' ரூ.1,500 எதற்கு என்ற விளக்கம். கேஸ் ஷீட், மருந்து அட்டவணை, பரிசோதனை அறிக்கைகளின் நகல்கள்."

இதில் 'ஆட்சேபத்துடன்' என்ற ஒரு சொல்லை விட்டுவிடாதீர்கள். பணம் கட்டிவிட்டதாலேயே கணக்கை ஒப்புக்கொண்டீர்கள் என்று பின்னால் வாதிட அது இடம் கொடுக்காது. கடிதத்தை மருத்துவக் கண்காணிப்பாளர் பெயருக்கு எழுதுங்கள். பில் கவுன்டரில் நீட்டினால் அது எங்கே போகும் என்று தெரியாது. நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள், அல்லது ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள்.

நகல்கள் கேட்பது சலுகையல்ல. இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும். உள்நோயாளிப் பதிவுகளை மூன்று ஆண்டு பாதுகாக்கவும் வேண்டும். தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனம், விவரமான பில் பெறுவதையும், கட்டணத் தகராறுக்காக நோயாளியைத் தடுத்துவைக்கக் கூடாது என்பதையும் உரிமைகளாகச் சொல்கிறது.

எல்லாவற்றையும் கடிதத்தால் சாதித்துவிட முடியாது. எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் தவறு, ஆனால் எம்.ஆர்.பி. அதிகமாக அச்சிட்ட பிராண்டை மருத்துவமனை தேர்ந்தெடுத்தால் அதைத் தவறென்று நிறுவுவது கடினம். தனி அறையில் இருந்தால் அதே பரிசோதனைக்கே அதிகம் வாங்குவதும் பல இடங்களில் நடைமுறை. சேரும்போதே கட்டண அட்டையைக் கேட்டு வாங்குவதுதான் இதற்கு வழி.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் தரலாம். கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்துவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை.