சிறுநீரகக் கல்லை முன்வைத்து நால்வகை மருத்துவப் படிமமுறைகள்: தத்துவம், பயன், பாதுகாப்பு

'ஸ்கேன்' என்னும் ஒரே சொல்லால் மக்கள் வழக்கு மூன்று வேறு கருவிகளைச் சுட்டுகிறது. கருவுற்ற பெண்ணுக்கு எடுக்கப்படுவதும் ஸ்கேன். தலையில் அடிபட்டவருக்கு எடுக்கப்படுவதும் ஸ்கேன். முதுகெலும்பு வட்டு பிதுங்கியவருக்கு எடுக்கப்படுவதும் ஸ்கேன். முதலாவது மீயொலி, இரண்டாவது கணினிவழி வெட்டுப்படமாகிய சி.டி., மூன்றாவது காந்த ஒத்ததிர்வுப் படிமமாகிய எம்.ஆர்.ஐ. "முன்பு ஸ்கேன் எடுத்திருக்கிறீர்களா?" என்னும் வினாவுக்கு நோயாளி "ஆம்" என்று விடையளித்தால், அவர் கதிர்வீச்சைப் பெற்றாரா என்பது தொழில்நுட்பநருக்கு அதனால் விளங்குவதில்லை. பாடநூல்கள் இம்முறைகளைத் தனித்தனி இயல்களில் விளக்குவதால் மாணவர்க்கும் ஒப்பீடு எளிதில் வாய்ப்பதில்லை. ஆகவே, சிறுநீரகக் கல் என்னும் ஒரே பொருளை, எக்ஸ்-கதிரும் இம்மூன்றும் எவ்வாறு காண்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

எக்ஸ்-கதிர்: அணு எண்ணின் நிழல்

எக்ஸ்-கதிர்ப் படம் ஒரு நிழற்படம். கதிர் உடலைக் கடக்கும்போது எப்பொருள் அதனை மிகுதியாக உறிஞ்சுகிறதோ அப்பொருள் படத்தில் வெண்மையாகத் தோன்றும். குறைந்த ஆற்றலில் இவ்வுறிஞ்சல் ஏறத்தாழ அணு எண்ணின் மும்மடியை ஒட்டி உயர்கிறது. கால்சியத்தின் அணு எண் 20. மென்திசுவில் நிறைந்துள்ள கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றின் அணு எண்கள் முறையே 6, 7, 8. எனவே கால்சியம் ஆக்சலேட் கல் தெளிவாகத் தெரிகிறது. யூரிக் அமிலக் கல்லிலோ கால்சியம் இல்லை. அது மென்திசுவில் உள்ள அதே தனிமங்களால் ஆனது. ஆதலால் கல் இருந்தும் படத்தில் அது புலப்படுவதில்லை.

இங்குத் தொழில்நுட்பநரின் தெரிவு நேரடியாக முடிவைப் பாதிக்கிறது. குழாய் மின்னழுத்தத்தை 70 கிலோவோல்ட் அளவில் வைத்தால் கல்லுக்கும் திசுவுக்கும் வேறுபாடு நன்கு தோன்றும். பருமனான நோயாளி என்பதற்காக அதனை 90-க்கு மேல் உயர்த்தினால் கதிர் எளிதில் ஊடுருவும்; ஆனால் மேற்சொன்ன உறிஞ்சல் வேறுபாடு குறைந்து, சிறிய கல் மங்கிவிடும். படத்தின் கீழ் எல்லையில் பூப்பெலும்பு இணைவு இடம்பெற்றுள்ளதா என்று பார்ப்பதும் இன்றியமையாதது. சிறுநீர்க்குழாய் சிறுநீர்ப்பையினுள் நுழையும் குறுகிய வாயிலிலேயே கல் பெரும்பாலும் சிக்கிக்கொள்கிறது; அப்பகுதி விடுபட்ட படம், நோயாளிக்குக் கதிரளவைத் தந்தும் விடையைத் தராத படமாகிறது.

சி.டி.: நிழலைப் பிரித்தல்

சி.டி.யும் எக்ஸ்-கதிரையே பயன்படுத்துகிறது. ஆனால் குழாய் நோயாளியைச் சுற்றிச் சுழன்று, எண்ணற்ற கோணங்களில் பெற்ற அளவீடுகளைக் கொண்டு ஒவ்வொரு புள்ளியின் உறிஞ்சலையும் கணினி தனியே கணிக்கிறது. இதன் அளவுகோல் ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு. நீருக்கு 0, சிறுநீரகத் திசுவுக்கு ஏறத்தாழ 30. யூரிக் அமிலக் கல் பெரும்பாலும் 200 முதல் 500 வரை அமைகிறது. ஒன்றன்மேல் ஒன்று விழும் நிழல்கள் நீங்கிவிடுவதால், எக்ஸ்-கதிர்ப் படத்தில் மறைந்த அதே கல் இங்கு ஐயத்திற்கிடமின்றித் தெரிகிறது. கல்லைத் தேடும்போது நிறமாறுபாட்டு மருந்து செலுத்தப்படுவதில்லை. சிறுநீரில் வெளியேறும் அம்மருந்தும் வெண்மையாகவே தோன்றிக் கல்லை விழுங்கிவிடும்.

இத்தெளிவுக்கு விலை உண்டு. வயிற்று எக்ஸ்-கதிர்ப் படம் ஒன்றின் விளைவுறு கதிரளவு 1 மில்லிசீவர்ட்டுக்கும் குறைவு. வழக்கமான வயிறு-இடுப்பு சி.டி. 10 மில்லிசீவர்ட் அளவை எட்டக்கூடும். இயற்கைப் பின்னணிக் கதிர்வீச்சு உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் என்பதனோடு இதனை ஒப்பிடலாம். கல்லுக்கும் திசுவுக்கும் வேறுபாடு பெரிதாகையால் படம் சற்றுக் கரகரப்பாக இருந்தாலும் குறையில்லை. எனவே குறைந்த கதிரளவு நெறிமுறையில் இதனை 3 மில்லிசீவர்ட் அளவுக்குக் கொணர இயலும். கல் மீண்டும் மீண்டும் உருவாகும் நோய் என்பதால், இளம் நோயாளிகளுக்கு இந்நெறிமுறையைத் தேர்ந்தெடுக்காமல் வழக்கமான அமைப்பையே இயக்குவது என் கருத்தில் ஏற்கத்தக்கதன்று.

மீயொலி: எதிரொலியும் நிழலும்

மீயொலியில் கதிர்வீச்சு இல்லை. மென்திசுவில் நொடிக்குச் சராசரியாக 1540 மீட்டர் வேகத்தில் செல்லும் ஒலித்துடிப்பு, ஒலிமறிப்பு வேறுபடும் எல்லைகளில் எதிரொலிக்கிறது. கல் எவ்வேதிப்பொருளால் ஆனதாயினும் திசுவைவிடக் கடினமானது. ஆதலால் அது ஒளிர்ந்த புள்ளியாகவும் அதன் பின்னே கருநிழலாகவும் தோன்றும். அணு எண் இங்குப் பொருட்டல்ல என்பதே ஒப்பீட்டின் மையம். ஆயினும் வளி ஒலியை ஏறக்குறைய முழுவதும் திருப்பிவிடுகிறது. குடல்வளிக்குப் பின்னுள்ள நடுச் சிறுநீர்க்குழாய் இதனால் மறைகிறது. அங்குள்ள கல்லை மீயொலி தவறவிடுவது வழக்கம். நோயாளியை நீர் அருந்தச் செய்து சிறுநீர்ப்பையை நிரப்பினால், அதனூடே குழாயின் கீழ்முனையைக் காணலாம்.

எம்.ஆர்.ஐ.: இன்மையால் அறிதல்

எம்.ஆர்.ஐ. உடலிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களின் குறிப்பலையைப் படமாக்குகிறது. கல்லில் அசையும் ஹைட்ரஜன் மிகக் குறைவு. எனவே கல் குறிப்பலையற்ற கரும்புள்ளி மட்டுமே. ஒளிர்ந்த சிறுநீரின் நடுவே அக்கருமை தனித்துத் தெரியலாம். சிறிய கல்லாயின் அதுவும் தெரியாது.

பாதுகாப்பில் இம்முறை தனித்தது. எக்ஸ்-கதிர் அறையில் குழாயை நிறுத்தியவுடன் கதிர் இல்லை. அறைக்குள் எதுவும் எஞ்சுவதுமில்லை. எம்.ஆர்.ஐ.யின் மீக்கடத்துக் காந்தமோ, நீர்ம ஹீலியத்தில் குளிர்ந்தபடி இரவும் பகலும் விசையோடு நிற்கிறது. படமெடுக்கும் இரைச்சல் நின்றதும் கருவி அணைந்துவிட்டது என எண்ணுவது உயிரைப் பறிக்கும் பிழை. 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனையொன்றில் ஆக்சிஜன் உருளையுடன் அவ்வறைக்குள் நுழைந்த நோயாளியின் உறவினர், காந்தத்தால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். எனவே கதிர் அறைகளில் கதவருகே கேட்கவேண்டிய கேள்வி "கருவுற்றிருக்கிறீர்களா?" என்பதாயின், இங்கு முதற்கேள்வி உடலிலும் கையிலும் உள்ள உலோகம், இதயமுடுக்கி ஆகியவை பற்றியது. இக்கேள்வி நோயாளியோடு முடிவதில்லை; உடன்வரும் உறவினர், மருத்துவமனைப் பணியாளர் என அறைக்குள் நுழையும் அனைவருக்கும் உரியது.

ஒரு நேர்வு

28 வாரக் கருவுடன் ஒரு பெண் வலப்பக்க விலாவலியோடு வருவதாகக் கொள்வோம். கருவின் பொருட்டு மீயொலியே முதல் தெரிவு. அதில் வலச் சிறுநீரகம் விரிந்து தோன்றுகிறது, கல் தென்படவில்லை. இதனைக்கொண்டு அடைப்பு எனத் துணிய இயலாது. கருவுற்ற காலத்தில் கருப்பையின் அழுத்தத்தாலும் வலப்பக்கக் குழாய் இயல்பாகவே விரிவடையும். அவ்வியல்பான விரிவு இடுப்பெலும்பு விளிம்பருகே குறுகி முடிந்துவிடும். விளிம்பைக் கடந்து கீழேயும் தொடருமாயின் கல்லை ஐயுறவேண்டும். ஆகவே நிரம்பிய சிறுநீர்ப்பையினூடே கீழ்முனையை நோக்கி, வண்ண டாப்ளரில் இரு வாயில்களிலிருந்தும் சிறுநீர் பீச்சப்படுகிறதா என்று சில நிமிடம் காத்திருந்து பார்ப்பர். இடப்பக்கம் பீச்சல் தெரிந்து வலப்பக்கம் தெரியாவிடில் ஐயம் வலுக்கும். வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தால் கருப்பையின் அழுத்தத்தால் அடைப்பின்றியும் பீச்சல் குறையலாம். எனவே இடப்பக்கம் திரும்பிப் படுக்கச் செய்து மீண்டும் பார்க்கவேண்டும்.

அதன் பின்னும் தெளிவில்லையெனில், நிறமாறுபாட்டு மருந்தின்றி எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், காடோலினியம் கருவை அடையுமாதலால் தவிர்க்கப்படுகிறது. கல்லே தெரியாவிடினும், விரிவு எவ்விடத்தில் முடிகிறது என்பதை இது காட்டிவிடும். குறைந்த கதிரளவு சி.டி. இவ்வரிசையில் இறுதியில் நிற்கிறது. அது முற்றிலும் விலக்கப்பட்டதன்று. தொற்றுடன் கூடிய அடைப்பு தாயின் உயிருக்கு ஊறு விளைவிக்கும் நிலையில், பிற முறைகள் விடை தராதபோது மருத்துவர் அதனைக் கோரலாம். அப்போது தொழில்நுட்பநர் செய்யவேண்டியது, ஒரே சுற்றில் தேவையான பரப்பை மட்டும் எடுத்து, கருவி காட்டும் கதிரளவு மதிப்பைப் பதிவேட்டில் குறித்து வைப்பதாகும்.