மூன்றாவது வாரத்துப் பள்ளம்

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் நெருங்கியிருக்கும் ஒரு தெருவில் சின்ன டிபன் கடை. காலையில் இட்லி, தோசை, பொங்கல், வடை. நடத்துவது ஒரு பெண்மணி, கூட இரண்டு உதவியாட்கள். கல்லாவில் நாளுக்கு ₹4,000 விழுகிறது. அது போக, பக்கத்துக் கம்பெனி அலுவலகத்துக்கு வாரம் ஐந்து நாளும் 40 டிபன், ஒன்று ₹45. "அக்கா, மாசக் கடைசில மொத்தமாப் போட்டு உட்டர்றோம்ங்க" என்று கம்பெனிக் கணக்கர் சொல்ல, இவரும் சரி என்றுவிட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தால் மாதம் ₹4,600 மிச்சம். ஆனாலும் மூன்றாவது வாரம் மளிகைக்குப் பணமில்லை. தண்டல்காரரிடம் கை நீட்ட வேண்டியதாகிறது. இது ஒரு மாதிரிக் கணக்குதான். ஆனால் டிபன் கடைக்காரர்களின் நோட்டைத் திறந்தால் இதே கதையைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

லாபம் இருக்கிறது, பணம் இல்லை. இந்த முடிச்சை அவிழ்ப்பதற்குத்தான் வாராந்திர வரவு செலவு முன்கணிப்புத் தாள். நடந்து முடிந்ததை எழுதும் கணக்கு நோட்டு வேறு, இது வேறு. வரப்போகும் நான்கு வாரங்களில் எந்த வாரம் எவ்வளவு பணம் கைக்கு வரும், எவ்வளவு கையை விட்டுப் போகும் என்று முன்கூட்டியே எழுதுவது இது. ஞாயிற்றுக்கிழமை கடை சாத்திய பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். ஒரு நீள நோட்டும் பேனாவும் தவிர வேறெதுவும் வேண்டியதில்லை.

முதல் வரி, ஆரம்ப இருப்பு. அன்றைக்குக் கையில் இருக்கும் பணம். இதை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்: கல்லாவில் எவ்வளவு, வங்கியில் எவ்வளவு. மொத்தம் சரியாக இருந்தும் தவணை திரும்பிப்போகிற கடைகள் உண்டு. பணம் கல்லாவில் கிடக்கும். 10ஆம் தேதி கடன் தவணையோ வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுக்கப்படும். அங்கே போதிய இருப்பு இல்லையென்றால் வங்கி ஒரு அபராதம் போடும், கடன் கொடுத்தவரும் ஒரு அபராதம் போடுவார். முந்தின நாளே கல்லாப் பணத்தை வங்கியில் கட்டியிருந்தால் இரண்டும் இல்லை. இன்னொன்று: வரப்போகும் சீமந்தத்துக்கு யாராவது முன்பணம் கொடுத்திருந்தால் அதை இருப்பில் சேர்க்காதீர்கள். அந்த விருந்தைச் சமைத்து முடிக்கும்வரை அது அவர்கள் பணம்.

அடுத்தது வரவு. விற்ற வாரத்தில் அல்ல, பணம் கைக்கு வரும் வாரத்தில் எழுத வேண்டும். இந்தத் தாளில் நடக்கிற தவறுகளில் பாதி இங்கேதான். நம் கடையில் கல்லா வரவு வாரம் ஆறு நாளைக்கு ₹24,000. கம்பெனிக்கு வாரம் ₹9,000-க்கு டிபன் போகிறது, ஆனால் அந்தப் பணம் நான்காவது வாரம்தான் ₹36,000-ஆக வரும். முதல் மூன்று வாரத்துக் கட்டத்தில் கம்பெனிக்கு நேராகப் பூஜ்யம்தான்.

கல்லா வரவைக் கணிக்கும்போது நல்ல வாரத்தை வைத்துக் கணிக்க வேண்டாம். கடந்த நான்கு வாரத்தில் எது குறைவோ அதை எடுங்கள். நாள்காட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திருப்பூரில் பல கம்பெனிகளில் சனிக்கிழமைதான் சம்பளம், அன்றைய விற்பனை வேறு மாதிரி. தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பும்வரை தெருவே காலியாக இருக்கும்.

பிறகு செலவு. மளிகை (அரிசி, உளுந்து, பருப்பு, ரவை, எண்ணெய்) வாரம் ₹10,000. காய்கறி, தேங்காய், பால் ₹6,000. 19 கிலோ வணிக சிலிண்டர் இரண்டுக்கு ₹3,800. உதவியாட்கள் கூலி ₹5,400. இலை, பார்சல் பேப்பர், டப்பா ₹900. கடைசியாக, பலர் எழுதாமல் விடுவது, வீட்டுக்கு எடுப்பது: ₹2,500. ஆக வாரம் ₹28,600. இதோடு மாதத்தில் ஒருமுறை வருபவை: முதல் வாரம் வாடகை ₹7,000, இரண்டாம் வாரம் கடன் தவணை ₹2,600, மூன்றாம் வாரம் கரண்ட் பில் ₹3,400.

இப்போது தாள் இப்படி இருக்கும்.

| வாரம் | ஆரம்ப இருப்பு | வரவு | செலவு | இறுதி இருப்பு |
|---|---|---|---|---|
| 1 | 21,000 | 24,000 | 35,600 | 9,400 |
| 2 | 9,400 | 24,000 | 31,200 | 2,200 |
| 3 | 2,200 | 24,000 | 32,000 | −5,800 |
| 4 | −5,800 | 60,000 | 28,600 | 25,600 |

ஒரு வாரத்தின் இறுதி இருப்பே அடுத்த வாரத்தின் ஆரம்ப இருப்பு. மூன்றாவது வாரத்தில் ₹5,800 பள்ளம். கம்பெனிப் பணத்தை விற்ற வாரத்திலேயே வரவாக எழுதியிருந்தால் அதே வாரத்தில் ₹21,200 கையிருப்பு என்று தாள் காட்டியிருக்கும். இடையிலுள்ள ₹27,000, கம்பெனி வைத்திருக்கும் மூன்று வாரப் பாக்கி.

ஒவ்வொரு ஞாயிறும் எண்ணிப் பார்க்கும் பணம், தாளில் எழுதிய இறுதி இருப்போடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ₹1,850 குறைகிறது என்றால் யாரையும் சந்தேகப்படும் முன் வீட்டுச் செலவைத் தேடுங்கள். பிள்ளையின் நோட்டுப் புத்தகம், வீட்டு மருந்து என்று கல்லாவிலிருந்து எடுத்து எழுதாமல் விட்டதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அடுத்த வாரம் அந்த வரியைத் திருத்தி எழுதினால் கணிப்பு நிஜத்துக்கு நெருங்கி வரும்.

பள்ளம் முன்கூட்டியே தெரியாதபோதுதான் தண்டல் உள்ளே வருகிறது. ₹10,000 தண்டல் என்பார்கள். ₹1,500 பிடித்துக்கொண்டு ₹8,500 கையில் கொடுப்பார்கள். மறுநாளிலிருந்து தினம் ₹100, நூறு நாளைக்கு. பார்க்க எளிதாகத் தோன்றும். ஆனால் தினமும் அசல் குறைந்துகொண்டே போவதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. நம் கடைக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு வாரத்துக்கு ₹5,800. அதற்காக நூறு நாளைக்கு, செலவுப் பட்டியலில் வாரம் ₹700 புதிதாக ஏறிவிடுகிறது. அடுத்த மாதப் பள்ளம் இன்னும் ஆழமாகும். ஒரு தண்டலை அடைக்க இன்னொரு தண்டல் என்று போவது இப்படித்தான்.

மூன்று வாரம் முன்பே தெரிந்தால் வேறு வழி இருக்கிறது. கம்பெனியிடம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பணம் கேட்கலாம். முதல் இரண்டு வாரத்து ₹18,000 மூன்றாவது வாரம் வந்துவிட்டால், அந்த வார இறுதி இருப்பு −5,800-க்குப் பதில் ₹12,200. கடன் இல்லை, வட்டி இல்லை. இப்படிக் கேட்கப் பல பெண்கள் தயங்குகிறார்கள், ஆர்டர் போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அவர்கள் கேட்பது சலுகை அல்ல, சட்டம் கொடுத்திருக்கும் உரிமை.

குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் 2006-இல் வந்தது. அதன் 15ஆம் பிரிவின்படி, உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு தொழிலிடம் வாங்கியவர், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தள்ள முடியாது. "மாசக் கடைசில" என்று வாயால் சொன்னது எழுத்து ஒப்பந்தம் ஆகாது. தாமதித்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. அதோடு, காலம் கடந்து நிற்கும் இந்தப் பாக்கியைக் கொடுத்துத் தீர்க்கும்வரை, வாங்கிய நிறுவனம் அதை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இந்த விதி இருக்கிறது. கம்பெனியின் ஆடிட்டருக்கு இது நன்றாகத் தெரியும். பில்லில் உங்கள் உத்யம் பதிவு எண்ணை அச்சிட்டாலே பேச்சு மாறுவதற்கு அதுதான் காரணம்.

ஒரு நிபந்தனை உண்டு. டிபன் அனுப்புவதற்கு முன்பே உத்யம் பதிவு இருக்க வேண்டும். பாக்கி நின்ற பிறகு பதிவு செய்தால் பழைய பாக்கிக்கு அது உதவாது. ஆதார் வைத்து `udyamregistration.gov.in` தளத்தில் பதியலாம், கட்டணம் கிடையாது. பணம் கேட்டு இதைச் செய்து தருவதாகச் சொல்லும் தளங்களை நம்ப வேண்டாம். வருமான வரி எண்ணும் ஜிஎஸ்டியும் இல்லாத மிகச் சிறிய கடைகளுக்கு உத்யம் அசிஸ்ட் என்று தனி வழி இருக்கிறது, வங்கியில் கேட்டால் செய்து தருவார்கள்.

ஆதாரம் இல்லாமல் உரிமை நிற்காது. டிபன் கொடுக்கும்போது தேதி, எண்ணிக்கை எழுதிய ஒரு சிட்டையில் கம்பெனி ஆளிடம் தினமும் கையெழுத்து வாங்குங்கள். எத்தனை டிபன் என்பதில் தகராறு வரும்போது பேசப்போவது அந்தச் சிட்டைதான். பணம் தராவிட்டால் குறு, சிறு தொழில் வசதி மன்றத்தில் முறையிடலாம். எப்படி என்று மாவட்டத் தொழில் மையத்தில் சொல்வார்கள். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்து, கம்பெனி அதை எதிர்த்து நீதிமன்றம் போக நினைத்தால், தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டியாக வேண்டும். ஆனால் மன்றம் வரை போனால் மாதக் கணக்கில் ஆகும். ஆகவே அந்தப் பணத்தை நான்கு வாரத் தாளில் வரவாக எழுதக் கூடாது. கம்பெனி தராமல் போனால் நான்காம் வாரம் −10,400-இல் முடியும். அதையும் பக்கத்திலேயே இரண்டாவது தாளாக எழுதிப் பாருங்கள். அப்படி ஒரு வாரத்தைத் தாங்க முடியாதென்றால், 40 டிபனை 20 ஆகக் குறைக்கச் சொல்லும் கணக்கு அது.

ஏற்கெனவே கடனில் இருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் கொடுத்த நுண்கடன் என்றால், காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்கிறது ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த விதி. கடையில் கூட்டம் அலைமோதும் காலை 7 மணிக்கு வந்து வாடிக்கையாளர் முன்னால் சத்தம் போடுவது விதிமீறல். தாமதத்துக்கான அபராதத்தையும் தாமதமான தொகைக்குத்தான் போடலாம், மொத்தக் கடனுக்கும் அல்ல. முதலில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், `cms.rbi.org.in` தளத்தில். விவரம் கேட்க 14448 எண்.

தண்டலும் மீட்டர் வட்டியும் 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டத்துக்குள் வருகின்றன. குற்றம் நிரூபணமானால் மூன்று ஆண்டு வரை சிறை. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். தினம் ₹100 கட்டியதற்குத் தண்டல்காரர் தரும் அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள். அவர் தராவிட்டால், வரவு செலவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு நீங்களே எழுதி வாருங்கள். எவ்வளவு வாங்கினீர்கள், எவ்வளவு கட்டிவிட்டீர்கள் என்பதை அந்தப் பக்கம்தான் காட்டும்.