இயந்திரம் எழுதிய கூட்டக் குறிப்பை அப்படியே அனுப்பலாமா?

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். காணி விடுவிப்புத் தொடர்பாக சூம் வழியாக ஒரு கூட்டம் நடக்கிறது. முல்லைத்தீவில் ஐந்து பெண்கள் ஒரே மடிக்கணினியின் முன் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் தமிழில் சொல்வதை ஒருவர் ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்ல, கொழும்பிலிருந்து ஒரு சட்டத்தரணி கேட்கிறார். லண்டனில் உள்ள உறுப்பினருக்கு அன்று வேலை. கூட்டம் முடிந்ததும் தானியங்கிச் சுருக்கம் வருகிறது: “15 ஏக்கருக்குப் பதிலாக மாற்றுக் காணியை ஏற்கக் குடும்பங்கள் உடன்பட்டன.”

யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் லண்டன்காரர் அதை நம்பி ஒரு கடிதம் எழுதிவிட்டால், மறுப்பது கடினம்.

பிழை எங்கே நுழைந்தது என்று அறிய, முழு எழுத்துப் பிரதியைத் தரவிறக்க வேண்டும். கூட்டம் எழுத்துப் பிரதியுடன் கிளவுடில் பதிவாகியிருந்தால், அழைத்தவர் சூம் இணையத்தளத்தில் Recordings பகுதிக்குச் சென்று அதை .vtt கோப்பாக எடுக்கலாம். நோட்பேடில் திறந்தால் இப்படித் தெரியும்:

```
14
00:23:41.200 --> 00:23:46.900
Mullaitivu Office: We can accept other land.
```

இப்போது அந்த நேரத்துக்குரிய ஒலிப்பதிவை, பத்து விநாடி முன்னிருந்து கேளுங்கள். பெயர்த்தவர் சொன்னது “can't”. இறுதி ஒலி தேய்ந்ததால் மறுப்பு சம்மதமாகிவிட்டது. “50” என்பதும் அதேபோல் “15” ஆகியிருக்கிறது. சுருக்கம் எழுதும் இயந்திரம் ஒலியைத் திரும்பக் கேட்பதில்லை. பிழையான பிரதியை வைத்து, தெளிவான வாக்கியமாக எழுதிவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஐந்து பெண்களின் பேச்சும் “Mullaitivu Office” என்ற ஒரே பெயரில் வந்திருக்கிறது. ஒரே கணக்கில் ஒரே ஒலிவாங்கி என்றால் பெரும்பாலும் இப்படித்தான். ஒருவர் கேட்ட கேள்விகூட எல்லோருடைய முடிவாகத் தோன்றலாம். மொழி ஆங்கிலம் என அமைக்கப்பட்டிருந்தால், அவர்கள் தமிழில் பேசிய பகுதி பொருளற்ற ஆங்கிலச் சொற்களாகக் கிடக்கும். அந்த இடங்களை ஒலியைக் கேட்டு நீங்களே எழுதுவதைத் தவிர வழியில்லை.

முழுப் பதிவையும் கேட்க நேரமில்லையா? சுருக்கத்தில் முடிவு, மறுப்பு, எண், திகதி, பெயர் வரும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பிரதியின் நேரத்தைக் குறியுங்கள். நேரம் காட்ட முடியாத வரியை நீக்குங்கள். குறித்த இடங்களை மட்டும் கேளுங்கள். கேட்டும் விளங்காவிட்டால், “23-வது நிமிடம் தெளிவில்லை, பேசியவரிடம் கேட்க வேண்டும்” என்றே எழுதுங்கள்.

மூலக் கோப்பைத் திருத்தாமல் தனியே வைத்து, திருத்திய சுருக்கத்தை மட்டும் அனுப்புங்கள். முழுப் பிரதியில் சாட்சியங்களும் பெயர்களும் இருக்கும். சொன்னவரின் சம்மதமின்றி அது வெளியே போகக்கூடாது. சுருக்கம் பங்கேற்பாளர்களுக்குத் தானாகவே மின்னஞ்சலில் போகும்படி அமைப்பு இருக்கலாம். கூட்டத்துக்கு முன்பே அதை அழைத்தவருக்கு மட்டும் என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால், நீங்கள் சரிபார்க்க உட்காரும்போதே பிழை லண்டனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.