பெட்டிக் கணக்கும் இன்வாய்ஸும்

திருப்பூரிலிருந்து துபாய்க்கு 4,800 டி-ஷர்ட்கள் போவதாக இன்வாய்ஸ் சொல்கிறது. பேக்கிங் லிஸ்டில் பெட்டிக்கு 48 வீதம் 98 பெட்டிகள். பெருக்கிப் பாருங்கள், 4,704தான் வருகிறது. கடைசி நேரத்தில் இரண்டு பெட்டிகள் நின்றுபோயிருக்கும். இன்வாய்ஸைத் திருத்த மறந்திருப்பார்கள். சுங்க அதிகாரி சரக்கைத் திறந்து எண்ணச் சொல்ல இது போதும்.

பிறப்பிடச் சான்றிதழில் நான் முதலில் பார்ப்பது இன்வாய்ஸ் எண்ணையும் தேதியையும்தான். 2022 மே முதல் நடப்பிலுள்ள இந்திய-அமீரக ஒப்பந்தத்தால் இந்திய ஆடைகளுக்கு அங்கே 5 சதவீத வரி விலகுகிறது. அந்தச் சலுகை இந்தச் சரக்குக்குத்தான் என்று காட்டுவது அந்த எண். இன்வாய்ஸுக்குப் புது எண் போட்டுவிட்டுப் பழைய சான்றிதழையே அனுப்பினால், திருப்பூரிலேயே தைத்த சரக்குக்கும் வாங்குபவர் வரி கட்ட நேரிடலாம்.