‘மனசு புண்பட்டிருந்தா’ என்று எழுதாதே

பிளஸ் ஒன் மாணவன் ஒருவன் மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பாடம் வாசிக்கும்போது திக்கிய வகுப்புத் தோழனைப் போலச் சாப்பாட்டு இடைவேளையில் இவன் நடித்துக் காட்டியிருக்கிறான். வகுப்பே சிரித்திருக்கிறது. யாரோ அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். முதலில் இவன் எழுதுவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

“டேய், வியாழக்கிழமை நடந்ததுக்கு சாரிடா. சும்மா ஜாலிக்குத்தான் பண்ணேன். உன் மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சிடு. பழையபடி பேசுடா.”

படிப்பதற்குப் பணிவாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் குற்றம் செய்தவன் யார் என்று தேடிப்பாருங்கள். ஏதோ ‘நடந்தது’; மழை பெய்ததைப் போல. ‘புண்பட்டிருந்தா’ என்ற சொல், புண்பட்டதா இல்லையா என்று நிரூபிக்கும் வேலையை அடிபட்டவன் தலையிலேயே கட்டுகிறது. ‘ஜாலிக்கு’ என்பது இன்னும் மோசம். சிரிக்கத் தெரியாதவன் நீதான் என்கிறது அது.

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராய் லெவிக்கியும் அவருடைய சகாக்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், மன்னிப்பில் இருக்கக்கூடிய கூறுகளை ஆறாகப் பிரித்து, படிப்பவர்களிடம் எது எடுபடுகிறது என்று பார்த்தார்கள். ‘தவறு என்னுடையது’ என்று பொறுப்பேற்பதே முதலிடம் பிடித்தது. சேதத்தைச் சரிசெய்ய முன்வருவது அடுத்தது. ‘மன்னித்துவிடு’ என்ற வேண்டுகோளுக்குத்தான் கடைசி இடம். நம் மாணவனின் முதல் கடிதத்தில் அந்தக் கடைசி இடத்துச் சரக்கு மட்டும் தாராளமாக இருக்கிறது. அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் பார்த்தது எழுத்தை மட்டும்தான். முகமோ குரலோ அதில் இல்லை. கடிதத்துக்கும் அதே நிலைமைதான்.

இப்போது அவன் திருத்தி எழுதுகிறான்:

“வியாழக்கிழமை மதியம் நீ திக்கினதை நான் பெஞ்ச் மேல ஏறி நின்னு நடிச்சுக் காட்டினேன். நீ வாசல்ல நிக்கிறதைப் பார்த்தேன். பார்த்துட்டும் நிறுத்தல. எல்லாரும் சிரிச்சது எனக்குப் பிடிச்சிருந்துச்சு, அதனாலதான் நிறுத்தல. குரூப்ல வீடியோ வந்ததும் முதல்ல சிரிப்பு பொம்மை போட்டதும் நான்தான். நீ எதுவும் செய்யல. தப்பு முழுக்க என்னோடது.

வீடியோவைப் போட்டவன்கிட்ட சொல்லி அழிக்க வச்சுட்டேன். யார் யார் சேவ் பண்ணி வச்சிருக்காங்கன்னு தெரியல. சிரிச்ச அதே பசங்க முன்னாடி, நான் செஞ்சது கேவலம்னு சொல்லத் தயாரா இருக்கேன். ஆனா மறுபடியும் எல்லாரும் உன்னைத் திரும்பிப் பார்க்கிறது உனக்கு வேண்டாம்னா, சொல்ல மாட்டேன். இதுக்கு நீ பதில் எழுதணும்னு இல்ல.”

இந்தக் கடிதத்தில் என்னை நிறுத்தியது ‘பார்த்துட்டும் நிறுத்தல’ என்ற வரி. வாசலில் நின்றவனுக்கு உறுத்திக்கொண்டே இருப்பது அந்த நொடிதான். இவன் பார்த்தானா, பார்க்கவில்லையா? எழுதியவன் அதைத் தானாகச் சொல்லிவிடுகிறான். தன் மானம் போகும் உண்மையை யாரும் கேட்காமலே சொல்பவனைத்தான் நம்பத் தோன்றும். ‘சிரிப்பு பிடிச்சிருந்துச்சு’ என்பதும் காரணம்தான், ‘ஜாலிக்கு’ என்பதும் காரணம்தான். ஆனால் முன்னது இவனைக் காட்டிக்கொடுக்கிறது. பின்னது காப்பாற்றப் பார்க்கிறது.

பரிகாரம்தான் சிக்கலான இடம். நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தியதை நாலு பேர் முன்னால்தான் துடைக்க வேண்டும் என்பது நியாயமான எண்ணம். பல பள்ளிகளில் ஆசிரியர்களும் அதையே செய்கிறார்கள்: இருவரையும் முன்னால் அழைத்து, ‘சாரி சொல்லு, கை குடு’. அந்த நிமிடத்தில் திக்குகிற பையன் மறுபடியும் காட்சிப் பொருளாகிறான். அத்தனை கண்களுக்கு முன்னால் ‘பரவாயில்லை’ என்பதைத் தவிர அவனால் வேறென்ன சொல்ல முடியும்? கடிதத்துக்கு இங்கே ஒரு வசதி உண்டு. பிடித்தபோது படிக்கலாம், கிழித்தும் போடலாம். பகிரங்கமாகச் சொல்வதா வேண்டாமா என்ற முடிவை அவனிடமே விட்டிருப்பதால் இந்தப் பரிகாரம் இன்னொரு தண்டனையாகவில்லை.

எப்போது கொடுப்பது என்பதும் இருக்கிறது. சிந்தியா ஃப்ரான்ட்ஸ், கோர்ட்னி பென்னிக்சன் ஆகியோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், உடனடி மன்னிப்பைவிடச் சற்றுப் பொறுத்து வந்த மன்னிப்பே கூடுதலாக எடுபட்டது. அதற்குள் அடிபட்டவர் தன் ஆற்றாமையைக் கொட்டியிருப்பார், எதிராளிக்கு அது புரிந்திருக்கிறது என்றும் உணர்ந்திருப்பார் என்பதே அவர்கள் கண்ட காரணம். அன்று மாலையே அவசரமாக வரும் சாரி, பெரும்பாலும் ஹெட்மாஸ்டர் அறைக்குப் போகாமல் தப்பிக்கத்தான்.

கடிதத்தைக் கொடுத்த பிறகுதான் உண்மையான சோதனை. ஒரு வாரம் பதில் இல்லை என்றால், ‘அதான் மன்னிப்பு கேட்டுட்டேனே, இன்னும் ஏன்டா மூஞ்சைத் தூக்கி வச்சிருக்க?’ என்று கேட்க வாய் வரும். கேட்டுவிட்டால் அந்தக் கடிதம் வெறும் பேரம் என்று ஆகிவிடும். இன்னொரு கடிதமும் வேண்டாம், நண்பர்கள் மூலம் தூதும் வேண்டாம். அடுத்த முறை அவன் எழுந்து பாடம் வாசித்துத் திக்கும்போது பின் பெஞ்சிலிருந்து யாராவது கிண்டலாகச் செருமினால், இவன் திரும்பி ‘சும்மா இருடா’ என்று சொல்கிறானா என்பதை மட்டும் அந்தப் பையன் கவனிப்பான்.